அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

மேனேஜர்களுக்கு வகுப்பெடுக்க யாராவது முன்வருவீர்களா என்று எச்.ஆர். மேடம் கேட்டதுதான் தாமதம், பட்டாசு கையைத் தூக்கிவிட்டாள். வகுப்பெடுக்கும் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. அவள் பழிவாங்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருந்தார். அந்த ஆளைப் பழிவாங்க வேண்டுமென்றால் முதலில் அவருக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். வேறு வழியே இல்லை.

பட்டாசு என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்காமல் வெடிப்பாள், அதனால் வந்தது. அவளே தேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் ஒன்று உண்டு. அவள் அடையாள அட்டையிலும் மெயிலிலும் இருப்பது அதுதான். அதற்கும் முன்னால், எல்லோரும் அவளை ஆண்பிள்ளை என்று நினைத்திருந்த காலத்தில், அப்பா வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது நமக்கு எதற்கு? ஒரு மனுஷர் அந்தப் பெயரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. நாமாவது மூடிக்கொண்டிருப்போம்.

அது லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. ஊர் முழுக்க உள்ள கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் போன் வரும் இடம் கிளையன்ட் டெஸ்க். பட்டாசு ஒரு காலத்தில் அங்கேதான் ராணி. போனை எடுத்ததும் எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், போன தடவை எதனால் நின்றது என்று எதிரில் இருப்பவர் சொல்லும் முன்னே சொல்லிவிடுவாள். உள்ளே மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் மெக்கானிக் போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இருப்பாள். அந்த வேலை அவளுக்கு உயிர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பெயரை மாற்றிக்கொண்டாள். அப்போது சர்வீஸ் பிரிவின் தலைவர் ஒரு காரியம் செய்தார். அவருக்கு ஆபீஸில் கறார் என்று பெயர். விதி என்றால் விதி, சர்க்குலர் என்றால் சர்க்குலர், ஒரு புள்ளி தவறினாலும் விடமாட்டார். அந்தக் கறார், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா கிளையன்ட்டுக்கும் ஒரு மெயில் அனுப்பினார். 'இனி உங்கள் அழைப்புகளை எடுப்பவர் இன்னார்' என்று அவள் பெயரைப் போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'முன்பு இன்னார்' என்று பழைய பெயரையும் போட்டார். குழப்பம் வரக்கூடாதாம். 'தயவுசெய்து அனுசரித்துப் போகவும்' என்று கடைசியில் ஒரு வரி வேறு. அனுசரிக்கவாம்! அவள் என்ன பழுதான லிஃப்ட்டா?

அதற்குப் பிறகு போனை எடுத்தாலே சிரிப்பு. வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் நிர்வாகி 'வேற ஆளைப் பேசச் சொல்லுங்க' என்றே எழுதிக் கேட்டார். கறார் உடனே அவளை அடித்தளத்தில் உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்பேர்ஸ் ஸ்டோருக்கு மாற்றினார். கம்பியும் கப்பியும் எண்ணும் வேலை. அவள் எச்.ஆரில் புகார் கொடுத்தாள். பதில் வந்தது: 'அவருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாமல் செய்தது.'

தெரியாமல்! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷர் ஜம்மென்று தப்பித்துவிட்டார். அவள் வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாக எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

இப்போது கிளையன்ட் டெஸ்க்குக்குத் தலைமைப் பதவி ஒன்று காலியாகியிருந்தது. அவள் விண்ணப்பித்திருந்தாள். ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்? கறார்தான். அவர் அந்த நாற்காலியில் இருக்கும் வரை அவளுக்கு அது கிடைக்காது என்பது ஸ்டோரில் இருக்கும் ஆணிக்குக்கூடத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கம்பெனி புது விதி கொண்டுவந்தது. ஊழியர்கள் அழைக்கப்பட விரும்பும் பெயரையும், விரும்பினால் இங்கிலீஷில் தங்களைக் குறிக்கும் ஹி, ஷி போன்ற சுட்டுச்சொல்லையும் மெயில் சிக்னேச்சரில் போட்டுக்கொள்ளலாம், மீட்டிங்கிலும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று. மேனேஜர்கள் திருதிருவென்று முழித்தார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

"இது உங்க வேலை இல்ல, எங்க வேலை. உங்களைக் கட்டாயப்படுத்தவே மாட்டேன். வெளியில இருந்து ஆளைக்கூடக் கூப்பிடலாம்" என்றார் எச்.ஆர். மேடம். நல்ல மனுஷி, ஆனால் தைரியம் கொஞ்சம் கம்மி.

"நானே எடுக்கறேன் மேடம். எனக்கு விருப்பம்தான்" என்றாள் பட்டாசு, வாயெல்லாம் தேனாக.

அன்று வீட்டில் அண்ணியிடம் சொன்னபோது அண்ணி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் இன்னும் பெயரைச் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்த நாளிலேயே, 'எனக்கு நாத்தனார் இல்லைன்னு குறை இருந்துச்சு, இப்ப சண்டை போட ஆள் கிடைச்சாச்சு' என்று சொன்னவள் அவள். சொன்னபடி சண்டையும் போடுவாள்.

"நீ பாடம் எடுக்கப் போறியா? உன் மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"பாடம்தான் அண்ணி. ஒருத்தருக்கு நல்லாப் புரியற மாதிரி எடுக்கப் போறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க."

"ஓஹோ! அப்ப அது பாடம் இல்ல, பொறி."

"ரெண்டும்தான்" என்றாள் பட்டாசு.

மூன்றாம் மாடி மீட்டிங் அறை. நீள மேசை, சுவரில் பெரிய திரை, ஏ.சி. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேனேஜர்கள். கறார் முன்வரிசையில், சட்டைப்பையில் பேனாவோடு. பட்டாசு முதலில் தன் பெயரைச் சொன்னாள், தன்னை 'ஷி' என்று எழுதவேண்டும் என்றாள், 'மத்தவங்க விருப்பப்பட்டா சொல்லலாம், இல்லன்னா பேர் மட்டும் போதும்' என்றாள். சிலர் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. அவள் யாரையும் துருவவில்லை.

முதல் கேள்வி அவளுடைய சொந்த மேனேஜரிடமிருந்து வந்தது. ஸ்பேர்ஸ் பிரிவின் தலைவர், நட்டு சார் என்று பெயர். பூச்சி செத்தாலும் பரிதாபப்படுகிறவர்.

"எனக்கு ஒரே பயம்மா. வாய் தவறிப் பழைய பேர் வந்துட்டா என்ன பண்றது? காலத்துக்கும் பாவியாயிடுவேனா?"

"ஒண்ணும் ஆக மாட்டீங்க சார். வந்துட்டா உடனே சரியான பேரைச் சொல்லிட்டு, அப்படியே மேல பேசிட்டுப் போங்க. அவ்வளவுதான். மீட்டிங்கை நிறுத்திவெச்சு சாரி மேல சாரி கேட்டீங்கன்னா, கடைசியில நான்தான் உங்களைத் தேத்தி காபி வாங்கித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அறை கொஞ்சம் இளகியது. சேல்ஸ் மேனேஜர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"நாம பேசறது தமிழ்தானே? எல்லாரையும் 'அவங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். எதுக்கு இந்த ஹி, ஷி தலைவலி?"

"நேர்ல இருக்கறப்போ 'அவங்க'தான் சார். கதவைச் சாத்தினதும் 'அவன் வந்தானா'ன்னு ஆயிடுது. நம்ம மெயில், ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல போகுது. அங்க ஏதாவது ஒண்ணு எழுதித்தானே ஆகணும்? எது சரின்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டும்னுதான் பேருக்குக் கீழ சின்னதாப் போடறது. சிலபேர் ரெண்டும் வேண்டாம், 'தே'ன்னு எழுதுங்கன்னு சொல்வாங்க. ஒரே ஆளை 'அவங்க'ன்னு சொல்லிப் பழகின நமக்கு அது என்ன புதுசா?"

"அட, ஆமாம்ல" என்றார் சேல்ஸ் மேனேஜர்.

கறார் பேனாவைத் தூக்கினார். "அப்போ வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் போடணும்னு ஆர்டர் போட்டுடலாம். ஒரே மாதிரி இருக்கும். ஒழுங்கு முக்கியம்."

"கட்டாயம் கூடாது சார்." அவள் குரலில் இன்னும் தேன்தான். "இன்னும் யார்கிட்டயும் சொல்லாத ஒருத்தர் உங்க டீம்லயே இருக்கலாம். போட்டே ஆகணும்னா அவங்க ஒண்ணு பொய் எழுதணும், இல்ல தயாராகறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லணும். போடறவங்க போடட்டும். போடாதவங்களை ஏன்னு கேட்காதீங்க."

கணக்குப் பிரிவு மேடத்துக்குச் சம்பளக் கவலை. காகிதத்தில் ஒரு பெயர், மெயிலில் ஒரு பெயர் என்றால் வங்கியில் பணம் போய்ச் சேருமா?

"சட்டப்படி பேர் மாறுற வரைக்கும் சம்பளம், வரி, இன்ஷூரன்ஸ் இதுல மட்டும் காகிதத்துல இருக்கற பேர் போகும் மேடம். அதையும் அந்த வேலை பார்க்கறவங்க மட்டும்தான் பார்க்கணும். மீதி எல்லாத்துலயும், மெயில், அடையாள அட்டை, போன் பட்டியல், மீட்டிங் திரை, எல்லாத்துலயும் கூப்பிடற பேர்தான். ஒண்ணு மறந்துடாதீங்க. ஐ.டி.காரங்க பேரை மாத்தினாலும் உங்க கம்ப்யூட்டர் பழைய பேரை ஞாபகம் வெச்சிருக்கும். முதல் எழுத்தைத் தட்டினதும் அதுவே வந்து குதிக்கும். அதை நீங்கதான் கையால அழிக்கணும்."

அடுத்த பக்கத்துக்கு வந்தாள். திரையில் பெரிய எழுத்தில் ஒரே வரி இருந்தது: பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள்.

"இப்போ ஒருத்தர் பேரை மாத்திக்கிட்டா யார்கிட்ட சொல்றது, எப்போ சொல்றது, யார் சொல்றதுன்னு அவங்களைத்தான் கேட்கணும். கிளையன்ட்டுக்கும் அப்படித்தான். 'முன்பு இன்னார்'னு போடவே கூடாது. உதவி பண்றோம்னு நினைச்சு ஒருத்தர் போட்டுடுவார். அது வெளியில போனா போனதுதான். திருத்தி இன்னொரு மெயில் அனுப்பினா, தெரியாதவங்களுக்கும் சேர்த்துத் தெரியும். சிந்தின பாலை அள்ள முடியாது."

யாரும் கறாரைப் பார்க்கவில்லை. அதாவது, எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கறார் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு. மீட்டிங்ல வேற யாராவது தப்பாக் கூப்பிட்டா, மீட்டிங்கை நடத்தறவர் திருத்தணும். சம்பந்தப்பட்டவங்களே சண்டை போட்டுக்கட்டும்னு விடக்கூடாது. தவறி வர்றது தப்பில்ல. சொன்ன பிறகும் வேணும்னே செஞ்சா அது ஒழுங்கு நடவடிக்கை." அவள் முன்வரிசையைப் பார்த்தாள். "இதையெல்லாம் ஒருத்தர் தொகுத்துச் சொன்னா நல்லா இருக்கும். விதின்னா நம்ம சர்வீஸ் சாரைவிட யார் சரியாச் சொல்வாங்க?"

புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் உண்டா? கறார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். கட்டாயம் இல்லை, கேட்காமல் அறிவிக்கக் கூடாது, அடைப்புக்குறி கூடாது, நடத்துபவர் திருத்த வேண்டும். அடேங்கப்பா, அவளைவிட நன்றாகச் சொன்னார்! கைதட்டினார்கள். உற்சாகத்தில் அவரே இன்னொன்றும் சொன்னார்: "நான் இதை ஒரு பக்க சர்க்குலரா எழுதி எல்லா ஊழியருக்கும் என் பேர்ல அனுப்பறேன்."

எச்.ஆர். மேடத்துக்கு நிம்மதி. பட்டாசுக்கு உள்ளே தீபாவளி இல்லாமலே வெடித்தது. இனி ஐயா வாயில் 'தெரியாது' என்ற வார்த்தை வராது.

சர்க்குலரின் நகல் மறுநாள் மேனேஜர்களுக்கும் அவளுக்கும் வந்தது, கருத்துச் சொல்லச் சொல்லி. படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். 'தவறான முறை' என்று ஓர் உதாரணம் கொடுத்திருந்தார். அந்த உதாரணத்தில் அவளுடைய பெயர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறி. அடைப்புக்குறிக்குள் 'முன்பு' என்று போட்டு, அப்பா வைத்த பழைய பெயர்.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? பெயரைப் போடாதே என்று சொல்லும் இடத்திலேயே பெயரைப் போட்டிருக்கிறார். விஷத்தைக் குடிக்காதே என்று சொல்லி வாயில் ஊற்றிக் காட்டுகிற கதை.

போனை எடுத்துத் தன்மையாக, 'சார், அந்த உதாரணத்தை மட்டும் எடுத்துடுங்க' என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். எச்.ஆர். மேடத்தை விட்டுச் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பார். இது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: நாலு பேர் எதிரில் திருத்தினால் கறார் செத்தாலும் கேட்க மாட்டார், அதுவும் ஸ்டோரில் இருக்கும் ஒருத்தி திருத்தினால்.

அவள் மேனேஜர்கள் எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதினாள். 'சார், உதாரணத்தில் என் பழைய பெயரைப் போட்டிருக்கிறீர்கள். இதற்கு என் சம்மதம் இல்லை. நேற்று நீங்களே விளக்கிய விதிக்கு இது எதிரானது. நீக்கிவிடவும்.' ஒவ்வொரு சொல்லும் நியாயம். ஒவ்வொரு சொல்லிலும் ஊசி.

பதிலே வரவில்லை.

சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள். மடித்ததை ஓரமாக வைத்தாள்.

"நீ அவரைத் திருத்தலை. சீண்டிவிட்டிருக்கே."

"நான் எழுதினதுல ஒரு வார்த்தை தப்பு சொல்லுங்க பார்ப்போம்."

"தப்பே இல்ல. அதான் சொல்றேன். ஏன்டி, அந்த ஆள் நாளைக்கு அதை அப்படியே அனுப்பிட்டா எல்லார் கண்ணுலயும் படப்போறது உன் பேர்தானே? தன் மூக்கை அறுத்துக்கிட்டாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணணுமா?" அண்ணி போனை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. எச்.ஆர். அம்மாவுக்குப் பேசு. நிறுத்திடுவாங்க."

பட்டாசு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புது ஆட்கள் நிறையப் பேர் அவளை அந்தப் பெயரில் அறியாதவர்கள். ஸ்டோரில் பேக்கிங் வேலைக்கு வந்த அக்கா அவளைத் 'தங்கச்சி, தங்கச்சி' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், முந்தைய கதை எதுவும் தெரியாதவள். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு வருஷத்தையும் நினைத்துப் பார்த்தாள். போனைத் திருப்பி அண்ணியிடம் கொடுத்துவிட்டாள்.

"மூக்கு போனா போகட்டும் அண்ணி."

அண்ணி போனை வாங்கி ஓரமாக வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, 'வா, மூக்கில்லாதவளே' என்றாள்.

காலையில் சர்க்குலர் வந்துவிட்டது. எல்லா ஊழியருக்கும். உதாரணம் அப்படியே இருந்தது. கீழே புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருந்தது: 'உண்மையான உதாரணமே மனதில் பதியும் என்பதால் சிலரது ஆட்சேபத்தையும் மீறிச் சேர்க்கப்பட்டுள்ளது.' அதற்குக் கீழே கறாரின் சிக்னேச்சர், பெயர், பதவி, எல்லாம் கனஜோராக.

ஆட்சேபத்தையும் மீறி! அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். வேறென்ன சாட்சி வேண்டும்? அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிப்பதற்குள் பேக்கிங் அக்கா தலையைத் தூக்கிவிட்டாள். ஸ்டோருக்குப் பொதுவான கம்ப்யூட்டரில் மெயில் திறந்திருந்தது. அக்கா திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அவசரமாகத் திரையை அணைத்தாள். கெட்ட மனசு இல்லை, பாவம். ஆனால் அந்தப் பார்வை முகத்தில் தொடங்கிக் கழுத்து, கை என்று எதையோ தேடிக்கொண்டு போனது. நேற்று வரை அந்தக் கண்ணில் அது இல்லை.

பட்டாசு அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நினைத்ததைவிட வலித்தது. அண்ணி சொன்னது சரி என்று தெரிந்தது, தெரிந்தும் கோபம்தான் இன்னும் ஏறியது. முகத்தைக் கழுவிக்கொண்டு எச்.ஆருக்குப் புகார் எழுதினாள்.

ஐ.டி.காரர்கள் அந்த மெயிலை எல்லோர் பெட்டியிலிருந்தும் எடுத்தார்கள். எடுத்து என்ன பிரயோஜனம், படிக்கிறவர்கள் படித்துவிட்டார்கள். எச்.ஆர். மேடத்துக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, இந்த முறை பூசி மெழுகவில்லை. நேராக எம்.டி.யிடம் கொண்டுபோனார். நட்டு சார்கூட நடுங்கிக்கொண்டே போய், 'அவரே எழுந்து நின்னு எங்களுக்கெல்லாம் விளக்கினார் சார், நான் குறிப்புகூட எடுத்தேன்' என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

எம்.டி. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். முதலில் கறார். அவர் போய்விட்டு வெளியே வந்தபோது அவள் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தாள். மனுஷர் ஒரேயடியாகத் தளர்ந்திருந்தார். சட்டைப்பையில் பேனா இல்லை. கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லுங்க சார்."

"பதவியை எடுத்துடுவாங்க போல இருக்கு. சர்வீஸ்ல இருந்தே மாத்தறேன்னு சொல்றார். இத்தனை வருஷம் உழைச்சேன்... நான் வேணும்னு பண்ணலை. ஒரு உதாரணத்துக்குத்தான். உங்ககிட்ட கேட்பார். வேகத்துல நடந்தது, தெரியாம நடந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். அந்த டெஸ்க் பதவி உங்களுக்குத்தான். நான் பார்த்துக்கறேன்."

அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு ஆடிவிட்டது. நாம் பொய் சொல்லக் கூடாது, ஆடத்தான் செய்தது. டெஸ்க் கையெட்டும் தூரத்தில். எதிரில் ஓர் ஆள் குனிந்து நிற்கிறார், வயசானவர், கண் கலங்கியிருக்கிறது. மன்னித்துவிட்டால்தான் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பட்டாசு என்றாலும் அவளும் மனுஷிதானே.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் இவர் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஸ்டோர்ல இருக்கறவங்க', 'அந்தக் கேஸ்', 'இந்தாங்க'. இப்போதுகூட 'உங்ககிட்ட' என்றுதான்.

"சார், முதல்ல என் பேரைச் சொல்லிக் கேளுங்க."

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவளுடைய பெயரைச் சொன்னார். முழுசாக, தெளிவாக, எழுத்து பிசகாமல், பின்னால் 'அம்மா' சேர்த்து மரியாதையோடு சொன்னார். "எனக்காக இந்த உதவியைச் செய்யுங்கம்மா" என்று இன்னொரு முறையும் பெயரைச் சொன்னார். நாக்கு தடுக்கவில்லை, குரல் பிசிறவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி இருந்தது.

அவள் மனசில் கசிந்திருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் அந்த நொடியில் வற்றிப்போனது. இவ்வளவு சுலபமா? ஒரு வேலை போகும் என்றதும் தேன் மாதிரி வருகிற பெயர், அவள் வேலை போனபோது ஏன் வரவில்லை? இந்த ஆளுக்குத் தெரியாமல் இல்லை. வராமலும் இல்லை. வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறார், ஒவ்வொரு நாளும், தினம் தினம் யோசித்து.

"நல்லா சொல்றீங்க சார்" என்றாள். எழுந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் எச்.ஆர். மேடம். கதவு பாதி திறந்தே இருந்தது. கூடத்தில் கறார் நின்ற இடத்திலேயே நிற்பது தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன்மா. தெரியாம நடந்ததுன்னு அவர் சொல்றார். உங்களுக்கு என்ன தோணுது?"

"பழைய பேரைப் போடாதீங்கன்னு எழுத்துல கேட்டேன் சார், மீறிப் போட்டார். அதுக்கு மெயில் இருக்கு. உண்மையைச் சொல்லணும்னா, போன்ல தன்மையாச் சொல்லியிருந்தா கேட்டிருப்பார். எனக்குச் சொல்ல மனசு வரலை. அது என் கணக்கு, அதுக்கான வலியை நான் பட்டாச்சு." அவள் கதவுப் பக்கம் திரும்பி, கறாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஆனா தெரியாதுன்னு மட்டும் சொல்ல வேண்டாம். அவருக்கு என் பேர் நல்லாவே தெரியும். இப்போதான் வெளியில நின்னு ரெண்டு தடவை சொன்னார்."

எம்.டி. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். 'சர்வீஸுக்கு வேற ஆளைப் பாருங்க' என்று எச்.ஆர். மேடத்திடம் சொன்னார். வெளியே கறார் நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் அவரைத் தாண்டி நடந்து போனாள்.